பினாங்கு மக்கள் வெளியேற்றப்பட்டார்களா? ஒரு கூற்றையும் இரண்டு தனிச் சான்றுகளையும் ஒப்பிட்ட நிகழ்வு ஆய்வு

சான்று அடிப்படையிலான வரலாற்றுக் கேள்வியில் ஒரு கூற்றைச் சரிபார்க்கச் சொன்னால், படிவம் ஐந்து மாணவர்களில் பலர் ஒரே வழியில்தான் போகிறார்கள். அதே கருத்தைச் சொல்லும் இன்னொரு சான்றைத் தேடி எடுத்து, "சான்று ஆ-வும் இதையே உறுதிப்படுத்துகிறது" என்று எழுதி, அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். இரண்டு சான்றுகள் ஒத்துப்போவது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவை ஏன் ஒத்துப்போகின்றன என்று கேட்காதவரை அந்த ஒப்புமைக்கு எந்த எடையும் கிடையாது. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் ஒரு தியூஷன் வகுப்பில் கொடுக்கப்பட்ட பயிற்சிக் கேள்வி ஒன்றையும், அதற்கு ஒரு மாணவி எழுதிய விடையையும், அந்த விடை எப்படித் திருத்தப்பட்டது என்பதையும் இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

கேள்வியும் ஐந்து சான்றுகளும்

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுன் மீது குண்டு விழுந்தது. வானத்தில் விமானங்களைப் பார்த்து வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடி நின்றவர்கள் ஏராளமாக மாண்டார்கள். 13ஆம் தேதி இரவு ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் தீவை விட்டு அனுப்பப்பட்டார்கள். 16ஆம் தேதி இரவு எஞ்சியிருந்த ஐரோப்பியரும் படையும் கிளம்பிப் போய்விட்டார்கள். 19ஆம் தேதி ஜப்பானியர் உள்ளே வந்தார்கள். இந்தக் காலவரிசை மாணவர்களுக்கு முன்கூட்டியே தரப்பட்டிருந்தது.

கேள்வி இது: "பினாங்கு மக்களில் பெரும்பாலோர் ஜப்பானியர் வருவதற்கு முன் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள் என்ற சான்று அ-வின் கூற்று எவ்வளவு நம்பத்தக்கது? மற்றச் சான்றுகளையும் உங்கள் வரலாற்று அறிவையும் பயன்படுத்தி விளக்குக." 8 புள்ளி, 20 நிமிடம்.

சான்று அ, சிங்கப்பூரில் பிரிட்டிஷ் அரசின் அமைச்சராக இருந்த டஃப் கூப்பர் டிசம்பர் பிற்பகுதியில் வானொலியில் ஆற்றிய உரையின் சாரம். பினாங்கிலிருந்து மக்கள் பத்திரமாக வெளியேற்றப்பட்டதற்காக நிம்மதி தெரிவிக்கும் தொனி அதில் இருந்தது. சான்று ஆ, அந்த உரையை எடுத்துப் போட்ட சிங்கப்பூர் நாளிதழ்ச் செய்தி. சான்று இ, ஜார்ஜ் டவுனில் குடியிருந்த ஒருவர் நினைவுகூர்வது போல, இந்தப் பயிற்சிக்கென்றே வகுப்பு ஆசிரியர் எழுதியது. குண்டுவீச்சுக்குப் பிறகு கடைத்தெருக்கள் ஆளரவமற்றுக் கிடந்தன, வீடுகள் பூட்டிக் கிடந்தன என்று அது சொல்கிறது. சான்று ஈ, ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் எம். சரவணமுத்துவின் நினைவுக் குறிப்பிலிருந்து சுருக்கப்பட்டது. அந்த நினைவுக் குறிப்பு 1970இல் அச்சானது. சான்று உ, பினாங்குக்குப் பிறகு இனி எங்கிருந்து பின்வாங்கினாலும் இன வேறுபாடு காட்டக் கூடாது என்று ஆளுநர் ஷென்டன் தாமஸின் நிர்வாகம் எடுத்த முடிவின் சாரம். ஆசிரியர் எழுதிய சான்று இ தவிர மற்றவை ஆங்கிலத்திலிருந்து தமிழில் சுருக்கித் தரப்பட்டிருந்தன.

முதல் விடை

மாணவி எழுதியது, சுருக்கமாக: "சான்று அ நம்பத்தக்கது. ஏனென்றால் சான்று ஆ-வும் மக்கள் வெளியேற்றப்பட்டதாகச் சொல்கிறது. சான்று இ-யும் தெருக்கள் காலியாக இருந்ததாகச் சொல்வதால் இது மேலும் உறுதியாகிறது. சான்று ஈ மாறாகச் சொன்னாலும் அது 29 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது, எனவே நம்ப முடியாது."

எட்டில் இரண்டு புள்ளிதான் கிடைத்தது. விடை சோம்பேறித்தனமாக எழுதப்பட்டதில்லை. நான்கு சான்றுகளைத் தொட்டிருக்கிறாள், எழுதப்பட்ட ஆண்டைக் கணக்கில் எடுத்திருக்கிறாள், "உறுதியாகிறது" என்ற சொல்லையும் பயன்படுத்தியிருக்கிறாள். இரண்டு புள்ளி வந்ததற்குக் காரணம், அவள் தேர்ந்தெடுத்த இரண்டு சாட்சிகளில் ஒன்று முதல் சாட்சியின் எதிரொலி, மற்றொன்று வேறு விஷயத்தைப் பற்றிப் பேசுகிறது.

கூற்றை முதலில் உடைப்பது

திருத்தம் இங்கிருந்து தொடங்கியது. ஒப்பிடுவதற்கு முன் கூற்றைச் சரிபார்க்கக்கூடிய சிறு துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். "பினாங்கு மக்களில் பெரும்பாலோர் ஜப்பானியர் வருவதற்கு முன் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள்" என்பதில் நான்கு துண்டுகள் இருக்கின்றன: வெளியேற்றம் நடந்தது; ஜப்பானியர் வருமுன் நடந்தது; போனவர்கள் பெரும்பாலோர்; அந்தப் பெரும்பாலோர் பினாங்கு மக்கள்.

முதல் இரண்டையும் எந்தச் சான்றும் மறுக்கவில்லை. சிக்கல் மூன்றாவதிலும் நான்காவதிலும் இருக்கிறது. மாணவி முழு வாக்கியத்தையும் ஒரே கட்டியாக எடுத்துக்கொண்டதால், வெளியேற்றம் நடந்ததைக் காட்டும் எந்தச் சான்றும் அவளுக்கு "ஆதரவு" ஆகிவிட்டது. பத்து மணித்துளி யோசிக்க வேண்டிய வேலை இல்லை இது. கேள்வித்தாளின் ஓரத்தில் யார், எப்போது, எத்தனை பேர், எங்கே என்று நான்கு சொல் எழுதிக்கொண்டால் போதும். அதன் பிறகு ஒவ்வொரு சான்றும் இந்த நான்கில் எதற்குப் பதில் சொல்கிறது என்று பார்த்தால், ஒப்பீடு தானாகவே கூர்மையாகிவிடும்.

சான்று ஆ ஏன் கணக்கில் வராது

சான்று ஆ-வைப் பற்றி வகுப்பில் நடந்த பேச்சு இது.

"டீச்சர், அது நாளிதழ், இது வானொலி. ரெண்டும் வேற வேற இல்லையா?"

"சரிம்மா, நாளிதழ்க்காரர் அந்த விஷயத்தை எங்கேயிருந்து தெரிஞ்சுக்கிட்டார்?"

"வானொலியிலே கேட்டு..."

"அப்போ கூப்பர் தப்பாச் சொல்லியிருந்தா, நாளிதழ் சரியாச் சொல்லியிருக்குமா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் சான்றின் தனித்தன்மையைச் சோதிக்கும் முறை. முதல் சான்றில் ஒரு தவறு இருந்தால், இரண்டாவது சான்று அந்தத் தவறைப் பிடிக்கும் நிலையில் இருக்கிறதா? நாளிதழ்ச் செய்தியாளர் பினாங்கில் இல்லை. அவர் சிங்கப்பூரில் இருந்து உரையை எழுதிக்கொண்டார். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், உரையில் இருந்த பிழை செய்தியிலும் அப்படியே வந்துசேரும். எனவே அது நிரூபிப்பது ஒன்றே ஒன்றுதான்: கூப்பர் இப்படிப் பேசினார் என்பதை. பினாங்கில் என்ன நடந்தது என்பதைப் பற்றி அது எதையும் கூட்டவில்லை.

சான்றின் தலைப்பிலேயே "உரையின் செய்தி" என்று அச்சிட்டிருந்ததால் இங்கே கண்டுபிடிப்பது எளிது. தேர்வுத்தாளில் அப்படி எப்போதும் வெளிப்படையாக இருக்காது. அப்போது சான்றின் உள்ளேயே அடையாளம் தேட வேண்டும். தகவல்கள் வரும் வரிசை ஒன்றாக இருக்கிறதா? இரண்டும் ஒரே எண்ணை, அதுவும் முழுமையாக்கப்படாத விசித்திரமான எண்ணைக் கொடுக்கின்றனவா? ஒரே பெயரை ஒரே மாதிரித் தப்பாக எழுதுகின்றனவா? இவற்றில் கடைசி அடையாளம்தான் மிகவும் வலுவானது. உண்மையை இருவர் தனித்தனியாகக் கண்டுபிடிக்க முடியும். ஒரே பிழையை இருவர் தனித்தனியாகச் செய்வது அரிது.

சான்றின் வகை வேறாக இருப்பதை மாணவர்கள் தனித்தன்மை என்று எடுத்துக்கொள்வது மிகப் பரவலான குழப்பம். கடிதம், நாளிதழ், பாடநூல் என மூன்று வகைகள் ஒரே ஊற்றிலிருந்து வரலாம். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு நாட்குறிப்புகள், ஒருவரை ஒருவர் அறியாத இருவர் எழுதியவையாக இருந்தால், முழுக்கத் தனித்தவை. தகவல் வந்த பாதையைத்தான் பின்தொடர வேண்டும்.

காலியான தெரு என்ன சொல்கிறது

சான்று இ-யில் உள்ள பொறி நுட்பமானது. நல்ல மாணவர்களும் இதில் விழுகிறார்கள். எழுதியவர் நேரில் பார்த்தவராகக் காட்டப்படுகிறார், கூப்பரின் உரையை அவர் நம்பியிருக்கத் தேவையில்லை, தெரு காலியாக இருந்தது என்று சொல்கிறார். தனித்தன்மைச் சோதனையில் தேறிவிடுகிறது. ஆனால் கூற்றின் எந்தத் துண்டுக்கு இது பதில் சொல்கிறது?

11ஆம் தேதிக் குண்டுவீச்சுக்குப் பிறகு ஜார்ஜ் டவுன் மக்கள் ஆயிரக்கணக்கில் நகரை விட்டு ஓடினார்கள். ஆயர் ஈத்தாம் பக்கமும் மலையடிவாரங்களுக்கும் தீவின் உட்பகுதிக் கம்பங்களுக்கும் போனார்கள். அரசாங்கம் அவர்களைக் கப்பலில் ஏற்றிக் கரை சேர்க்கவில்லை, அவர்களே மூட்டை முடிச்சோடு போனார்கள். தீவை விட்டு வெளியேறவும் இல்லை. காலியான கடைத்தெரு இந்த ஓட்டத்தையும் காட்டலாம், அதிகாரபூர்வ வெளியேற்றத்தையும் காட்டலாம். இரண்டுக்கும் ஒரே காட்சிதான் கிடைக்கும். ஆகவே சான்று இ கூற்றோடு முரண்படவில்லை, ஆதரிக்கவும் இல்லை. "நகர மையத்தில் ஆட்கள் இல்லை என்பதை இது காட்டுகிறது, அவர்கள் எங்கே போனார்கள், யார் அனுப்பினார்கள் என்பதை இது சொல்லவில்லை" என்று எழுதினால் அதற்கே ஒரு புள்ளி உண்டு. அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, சரியான இடத்தில் வைத்தால் போதும்.

உண்மையில் சோதிக்கும் இரண்டு சான்றுகள்

மாணவி 29 ஆண்டு இடைவெளியைக் காட்டி ஒதுக்கிய சான்று ஈ-க்குத் திரும்ப வேண்டும். சரவணமுத்து அந்த நாட்களில் ஜார்ஜ் டவுனிலேயே இருந்தார். ஆங்கிலேயர் போன பிறகு நகரைக் கவனித்துக்கொள்ள உள்ளூர்ச் சமூகப் பிரதிநிதிகள் சேர்ந்து அமைத்த சேவைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். நகரில் சாதாரண மக்கள் இருக்கிறார்கள், குண்டுவீச்சை நிறுத்துங்கள் என்று ஜப்பானியருக்கு வானொலி வழியாகத் தெரிவித்தார்.

29 ஆண்டு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் இடைவெளி எல்லாத் தகவலையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. எந்த நாளில் எத்தனை மணிக்கு என்பது மங்கிவிடும். தன்னுடைய பங்கைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்லும் ஆசையும் நினைவுக் குறிப்பு எழுதும் எவருக்கும் வரும். கொடியை இறக்கியது யார், குழுவில் யாருடைய பேச்சு எடுபட்டது போன்ற இடங்களில் அவரை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். நகரில் பெருந்திரளான மக்கள் இருந்தார்களா இல்லையா என்பது இந்த வகையில் சேராது. அது மறந்துபோகக்கூடிய நுணுக்கமும் இல்லை, அவருடைய பெருமைக்காகச் சேர்த்த அலங்காரமும் இல்லை. ஊரில் ஆள் இல்லையென்றால் சேவைக் குழு யாருக்காக?

இன்னொரு ஆபத்தும் உண்டு. 1945க்கும் 1970க்கும் இடையில் மலாயாப் போரைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. சரவணமுத்து அவற்றைப் படித்திருக்கலாம், "ஆங்கிலேயர் நம்மைக் கைவிட்டார்கள்" என்ற பொதுவான குரல் அவர் எழுத்தில் கலந்திருக்கலாம். எனவே அவர் தரும் பொதுத் தீர்ப்பை விட, அவர் தானே செய்தவற்றைப் பற்றிச் சொல்லும் தகவல்களையே சாட்சியாக எடுக்க வேண்டும். குழு அமைத்ததும் வானொலியில் பேசியதும் வேறொரு நூலிலிருந்து அவர் எடுக்க வேண்டியவை அல்ல.

சான்று உ முற்றிலும் வேறு பாதையில் வருகிறது. அது சிங்கப்பூரில் உருவானது, அரசாங்கத்துக்கு உள்ளே உருவானது, சரவணமுத்துவின் நினைவுக் குறிப்புக்கு பல ஆண்டுகள் முந்தியது. அதை முடிவெடுத்தவர்களுக்குப் பினாங்குச் சேவைக் குழுவின் குரல் தேவைப்படவில்லை. அவர்களுடைய தகவல் தங்கள் அதிகாரிகள் வழியாக வந்தது.

அந்த முடிவு பினாங்கில் நடந்ததை நேரடியாக விவரிக்கவில்லை என்பதுதான் முதலில் மாணவர்களைக் குழப்பியது. "இனி இன வேறுபாடு காட்டக் கூடாது" என்றுதான் சொல்கிறது. ஆனால் அந்த வாக்கியத்துக்கு எப்போது தேவை வரும்? பினாங்கில் எல்லா இனத்தாரும் ஒரே மாதிரி வெளியேற்றப்பட்டிருந்தால் அப்படி ஒரு கட்டளையே எழுந்திருக்காது. எதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து எழுதினார்களோ அதைவிட அதிகத்தை அது தன்னையறியாமல் வெளியிடுகிறது. அதோடு, சொன்னவர்களுக்கே அவப்பெயர் தரும் செய்தி இது. ஐரோப்பியரை மட்டும் காப்பாற்றினோம் என்று மறைமுகமாக ஒப்புக்கொள்வதால் காலனித்துவ நிர்வாகத்துக்கு எந்த லாபமும் இல்லை. தனக்கு எதிராகத் தானே பேசும் சான்றுக்கு இப்படிப்பட்ட கேள்வியில் கூடுதல் எடை கொடுக்கலாம்.

இப்போது ஈ-யையும் உ-வையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒருவர் இடத்தில் இருந்தவர், காலனித்துவத்தின் கீழ் வாழ்ந்தவர், பிற்காலத்தில் எழுதியவர். மற்றது தொலைவில் இருந்தது, ஆட்சியாளருடையது, நிகழ்வை ஒட்டி வந்தது. நோக்கமும் வேறு, தகவல் பாதையும் வேறு. இவ்வளவு வேறுபட்ட இரண்டும் ஆசியர் பின்தங்கவிடப்பட்டார்கள் என்ற ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. ஆ-வுக்கும் அ-வுக்கும் இடையே இருந்த ஒப்புமையில் இந்த வலிமை இருக்கவில்லை.

மக்கள்தொகைக் கணக்கு

கேள்வி "உங்கள் வரலாற்று அறிவையும்" என்று கேட்டிருந்தது. இதை அலங்காரமாக எடுத்துக்கொண்டு பாடநூல் பத்தி ஒன்றைத் திணிப்பவர்கள்தான் அதிகம். இங்கே பயன்படக்கூடியது ஒரே ஒரு எண். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஜார்ஜ் டவுனில் மட்டும் ஏறக்குறைய 1,50,000 பேர் இருந்தார்கள். அதில் ஐரோப்பியர் சிறு பகுதிதான். "பெரும்பாலோர்" என்றால் குறைந்தது 75,000 பேருக்கு மேல் தீவை விட்டுப் போயிருக்க வேண்டும். குண்டுவீச்சுக்கும் படை கிளம்பியதற்கும் இடையில் ஐந்தே நாட்கள். துறைமுகம் குண்டுக்கு உள்ளாகிக்கொண்டிருந்தது, வெளியேற்றம் இரவில் நடந்தது. 75,000 பேர் கிளம்பியிருந்தால் பட்டர்வொர்த் கரையிலும் தெற்கே செல்லும் ரயில்களிலும் அதன் தடம் பெரிதாகத் தெரிந்திருக்கும்.

கணக்கெடுப்பு பத்தாண்டுகளுக்கு முன் வேறு நோக்கத்துக்காக எடுக்கப்பட்டது, யாரையும் குறை சொல்லவோ காப்பாற்றவோ எடுக்கப்படவில்லை. அதனால் தனித்தன்மையில் அதற்குக் குறையில்லை. ஆனால் அது கூற்றை நேரடியாக மறுப்பதில்லை. கூற்று நடந்திருக்கக் கூடியதா என்பதை மட்டும் அளக்கிறது. இந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதிவிட்டால், எண் பின்னணித் தகவலாகக் கிடக்காமல் வாதத்தின் பகுதியாகிவிடும்.

திருத்திய விடை

மாணவி மறுபடி எழுதியது:

"வெளியேற்றம் நடந்தது என்பதிலும் அது ஜப்பானியர் வருமுன் நடந்தது என்பதிலும் சான்று அ சரி. ஆனால் பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டார்கள் என்பது நம்பத்தக்கதில்லை. சான்று ஆ அந்த உரையையே அச்சிட்டிருப்பதால் அது தனி ஆதாரமாகாது. சான்று இ காலியான தெருக்களைச் சொல்கிறது; மக்கள் ஆயர் ஈத்தாம் போன்ற இடங்களுக்குத் தாங்களே ஓடியதாலும் தெருக்கள் காலியாகியிருக்கலாம். ஊரிலேயே இருந்த சரவணமுத்து உள்ளூர் மக்களுக்காக ஒரு குழுவை நடத்தியதைச் சொல்கிறார் (சான்று ஈ). காலனித்துவ நிர்வாகம் இனி இன வேறுபாடு கூடாது என்று சொன்னது, பினாங்கில் அப்படி வேறுபாடு நடந்ததைக் காட்டுகிறது (சான்று உ). இந்த இரண்டும் வேறு இடத்தில், வேறு காலத்தில், வேறு தரப்பினரால் எழுதப்பட்டவை. ஒன்றை ஒன்று பார்த்து எழுதியிருக்க வாய்ப்பில்லை. 1931இல் ஜார்ஜ் டவுனில் மட்டும் சுமார் 1,50,000 பேர் இருந்ததால், ஐந்து நாளில் பெரும்பாலோரை அனுப்புவது நடந்திருக்கக்கூடியதாகத் தெரியவில்லை. ஐரோப்பியரை மட்டும் மனத்தில் வைத்து 'மக்கள்' என்று பேசியிருந்தால் சான்று அ ஓரளவு பொருந்தும்."

இதற்கு ஏழு புள்ளி. கடைசி வாக்கியம் மிக நல்லது. கூப்பர் பொய் சொன்னார் என்று முடிக்காமல், எந்த எல்லைக்குள் அந்தக் கூற்று உண்மையாக இருக்கக்கூடும் என்று காட்டுகிறது. அந்த உரையைக் கேட்ட மலாயாவின் ஆசிய மக்கள் கொதித்ததும் இதே காரணத்தால்தான்: பேச்சில் இருந்த "மக்களில்" அவர்கள் சேர்க்கப்படவில்லை.

குறைந்த ஒரு புள்ளி சரவணமுத்துவைப் பற்றியது. அவருடைய எழுத்து 1970இல் வந்தது என்பதை முதல் விடையில் காரணமே சொல்லாமல் குறையாக்கியவள், இரண்டாவது விடையில் அதைக் குறிப்பிடவே இல்லை. இடைவெளியை ஒப்புக்கொண்டு, இந்தக் குறிப்பிட்ட தகவலை அது ஏன் அவ்வளவாகப் பாதிக்கவில்லை என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்க வேண்டும்.

அதே வகுப்பில் வேறொரு மாணவர் இதே சான்றுகளை வைத்து, "ஆங்கிலேயர் ஆசியர்களை வேண்டுமென்றே சாகவிட்டார்கள்" என்று முடித்திருந்தார். அதற்குப் புள்ளி தரப்படவில்லை. ஈ-யும் உ-வும் யார் போனார்கள், யார் நின்றார்கள் என்பதில்தான் ஒத்துப்போகின்றன. ஏன் அப்படி நடந்தது, முடிவை எடுத்தது பினாங்கில் இருந்த படைத்தலைவரா சிங்கப்பூரில் இருந்தவர்களா என்பதைப் பற்றி இரண்டுமே பேசவில்லை. அந்தக் கேள்விக்குப் போக வேண்டுமானால், 13ஆம் தேதிக்கும் 16ஆம் தேதிக்கும் இடையில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தந்திகளும், அவற்றைப் பெற்றவர் வேறொருவரிடம் சொன்னதற்கான தனிப் பதிவும் வேண்டும்.